பிளேடு புதுசுதான், மற்றவை? சலூன், டாட்டூ, காது குத்தல்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சவரத்துக்கு உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுங்க" என்று சொல்லும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. டாட்டூ போடும் இடத்திலும் "ஊசி புதுசுதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். முடிதிருத்துபவர்களுக்கும் டாட்டூ போடுபவர்களுக்கும் தொற்றுத் தடுப்புப் பயிற்சி நடத்துவது என் வேலை. அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: பிளேடும் ஊசியும் மாறுகின்றன, அவற்றைச் சுற்றியிருக்கும் பொருள்கள் மாறுவதில்லை. படிகாரக் கட்டி, கத்தியின் பிடி, மை, ஸ்பிரே பாட்டில் ஆகியவற்றை வாடிக்கையாளரும் கவனிப்பதில்லை, கடைக்காரரும் பெரிதாக நினைப்பதில்லை. முதன்முறையாகப் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன்பு: தடுப்பூசி

ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமிகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எல்லோரும் பயப்படுவது கடைசிப் பெயருக்கு. ஆனால் சவரக்கத்தி விஷயத்தில் முதலில் நினைக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி. காரணம் எளிது. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே வந்து காய்ந்தால் வேகமாக வீரியம் இழந்துவிடும். ஹெபடைடிஸ் பி வைரஸோ காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். அந்த ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. தொற்று நீடித்திருக்கும் ஒருவருடைய ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்துக் கோடிக்கும் மேல் வைரஸ்கள் இருக்கக்கூடும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஊசிமுனை அளவு கறையில்கூட, ஒரு லட்சம் வைரஸ்கள் இருக்கலாம் என்று ஆகிறது. அவருக்கே தனக்குத் தொற்று இருப்பது தெரியாமல் இருக்கலாம். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் தங்கிவிடும் நோய் இது.

மூன்றில் தடுப்பூசி இருப்பதும் ஹெபடைடிஸ் பி-க்கு மட்டும்தான். பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சிறு வயதில் போட்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். முடிதிருத்தும் தொழிலிலோ டாட்டூ தொழிலிலோ சேரப் போகிறவர் என்றால், வேலையில் உட்காரும் முன்பே முதல் தவணையாவது போட்டுவிட வேண்டும். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வதும் அவருக்கு அவசியம். தினமும் ரத்தத்தோடு புழங்குகிறவர் அவர்தானே. டாட்டூவுக்கோ காது குத்தலுக்கோ போகிறவர் டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டோம் என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் இன்னொன்று. முகத்தில் கொப்புளம், சீழ்க்கட்டி, படர்தாமரை, மரு என்று ஏதாவது இருந்தால் அன்று சவரம் வேண்டாம். கத்தி அதன் மேல் போகும்போது அந்தக் கிருமியை உங்கள் முகம் முழுக்கவே அது இழுத்துக்கொண்டு போகும். தாடிப்பகுதியில் ஒரே ஒரு மருவோடு போய், சில வாரத்தில் கத்தி போன தடத்திலேயே வரிசையாகச் சின்னச் சின்ன மருக்கள் கிளம்பிவிடுவது உண்டு.

சலூனில் உட்கார்ந்ததும்

பல சலூன்களில் இப்போது இருப்பது பிளேடு மாற்றும் கத்தி. ஒரு முழு பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைப் பிடியில் செருகுவார்கள். இங்கேயே பார்க்க வேண்டிய முதல் விஷயம் வந்துவிடுகிறது. மீதிப் பாதி எங்கே போகிறது? காகித உறையோடு சேர்த்தே உடைத்து, பயன்படுத்தாத பாதியை அந்த உறைக்குள்ளேயே வைத்திருந்தால் அடுத்தவருக்கு அதைப் போடுவதில் தவறில்லை. உறையில்லாமல் மேசை மேல் கிடக்கிற பாதி பிளேடு பயன்படுத்தியதா, பயன்படுத்தாததா என்று அவருக்கே சொல்லத் தெரியாது. அதனால் கேட்கும்போது "புதுசா?" என்று கேட்காமல், "அண்ணே, என் முன்னாடி பிரிச்சுப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். "புதுசா" என்ற கேள்விக்கு "ஆமா" என்ற பதில் எப்போதும் வரும்.

அடுத்தது பிடி. பயிற்சியில் நான் முதலில் செய்வது, கடையிலிருந்து கொண்டுவந்த கத்தியின் பிடியை விரித்துக் காட்டுவது. பிளேடு உட்காரும் பள்ளத்தில், இரண்டு தகடுகளும் சேரும் இடுக்கில், சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். சோப்பு நுரை, துண்டு முடி, தோல் செதில் எல்லாம் சேர்ந்து இறுகிப்போனது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் மாவு போல உதிரும். வெட்டுக்காயத்திலிருந்து கசியும் ரத்தம் நுரையோடு கலந்து போய்ச் சேரும் இடமும் அதேதான். புது பிளேடின் விளிம்பு அந்தப் படிவை ஒட்டியபடிதான் உங்கள் கன்னத்துக்கு வருகிறது.

பிடியைச் சுத்தம் செய்யும் முறை இது. பிளேடை எடுத்துக் கூர்முனைக் கழிவுகளுக்கான கெட்டியான டப்பாவில் போட வேண்டும். பிடியைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தாண்டிப் போகவே கூடாது, ஏனென்றால் அழுக்கு இருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. பிறகு வீட்டு உபயோக பிளீச் கரைசல் (சுமார் 5 சதவீதம் உள்ளது) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் 10 நிமிடம் முழுகியிருக்க வைக்க வேண்டும். எடுத்து நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் அரித்துப்போகும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இதற்கு நேரம் வேண்டுமென்றால் ஒரு பிடி போதாது. நான்கைந்து பிடிகள் வைத்துச் சுழற்சியில் பயன்படுத்தும் கடை, இதைப் புரிந்துகொண்ட கடை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சில வழக்கங்கள் சுத்தம் போலத் தோன்றும், ஆனால் போதாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைப்பது அதில் ஒன்று. 70 சதவீத ஸ்பிரிட் நல்ல கிருமிநாசினிதான், ஆனால் அது ஈரமாகச் சில நிமிடம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். துடைத்த வேகத்தில் ஆவியாகிவிட்டால் பயன் குறைவு. கிருமிநாசினி கலந்த டம்ளரில் கத்தியை முக்கி எடுப்பதும் அப்படியே. அந்த டம்ளரில் முடி மிதந்தால் அந்தத் தண்ணீர் தன் வேலையை எப்போதோ நிறுத்திவிட்டது. நீல விளக்கு எரியும் பெட்டி பார்ப்பதற்கு நம்பிக்கை தரும். அந்தப் புறஊதா ஒளி நேராகப் படும் மேற்பரப்பில் மட்டும்தான் வேலை செய்யும், இடுக்குக்குள் போகாது. கழுவிச் சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்க அது ஒரு நல்ல அலமாரி, அவ்வளவுதான்.

இப்போது படிகாரம். சவரத்தில் சின்னதாக வெட்டுப்பட்டால் முடிதிருத்துபவர் ஈரமான படிகாரக் கட்டியை எடுத்து நேராக அந்த இடத்தில் தேய்க்கிறார். ரத்தம் நின்றுவிடுகிறது. கட்டி திரும்ப அதே கிண்ணத்துக்குப் போகிறது, அடுத்தவருக்கு வெட்டுப்பட்டால் அதே கட்டி. யோசித்துப் பாருங்கள்: கடையில் உள்ள எல்லாப் பொருள்களிலும், ரத்தம் வரும் காயத்தைத் தேடிப்போய்த் தொடுவது இந்த ஒன்றுதான். வெட்டுப்படாதவர் முகத்திலும் சவரம் முடிந்ததும் இதைத் தேய்ப்பதால், கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் இது தொட்டுவிடுகிறது. படிகாரமே கிருமியைக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தோலைச் சுருங்கச் செய்து ரத்தத்தை நிறுத்தும். ஹெபடைடிஸ் பி வைரஸை அழிக்கும் என்று அதை நம்பி விட முடியாது. படிகாரம் வேண்டுமென்றால் தூளாக வைத்துக்கொண்டு, புதுப் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்து, பஞ்சை எறிந்துவிட வேண்டும். நீங்கள் வாடிக்கையாளர் என்றால் "கட்டி வேண்டாம்ணே, பஞ்சு குடுங்க, நான் அழுத்திப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தாலே சின்ன வெட்டில் ரத்தம் நின்றுவிடும். சவரம் செய்துகொள்பவர் கடையில் கேட்கக் கூடியது ஒன்றே ஒன்று என்றால், பிளேடுக்கு அடுத்து நான் இதைத்தான் சொல்வேன்.

முடி மட்டும் வெட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசியில் பிடரியிலும் காதோரத்திலும் கத்தி வைத்து ஒழுங்கு செய்வார்கள். அதற்கும் புது பிளேடு வேண்டும். சவரமில்லை என்று நினைத்துப் பலர் இங்கே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். டிரிம்மரால் ரத்தத் தொற்று வரும் வாய்ப்பு கத்தியைவிடக் குறைவு, ஆனால் படர்தாமரையும் முடிவேர்க் கொப்புளமும் அதில் சுலபமாக ஏறிவிடும். தலைப்பகுதியைக் கழற்றி, முடியைத் தட்டி, கிருமிநாசினி ஸ்பிரே அடித்து, அந்தப் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து பயன்படுத்தினால் போதும். துண்டு துவைத்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டாட்டூ: ஊசியைவிட மையைப் பாருங்கள்

டாட்டூ ஊசி தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மையை இறக்குகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அது குத்தும். அதாவது ஒரு டாட்டூ என்பது எண்ணற்ற சின்னஞ்சிறு காயங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெளிப்பொருள். ஊசி சுத்தமாக இருந்தும் அந்த வெளிப்பொருள் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு.

2011-ன் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர் நகரில், ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்கு, போட்ட மூன்று வாரத்துக்குள் அந்த இடத்தில் சிவந்த தடிப்புகள் எழும்பின. வழக்கமான மருந்துகளுக்கு அவை அடங்கவில்லை. தோல் மாதிரி எடுத்துப் பரிசோதித்தபோது 14 பேரிடம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற பாக்டீரியா உறுதியானது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு, தண்ணீரில் வாழ்வது. வந்த வழியைத் தேடிப்போனவர்கள் சாம்பல் நிற மையில் போய் நின்றார்கள். இன்னும் திறக்கப்படாத ஒரு குப்பியிலேயே அதே கிருமி இருந்தது. கருப்பு மையில் தண்ணீர் கலந்து நிழல் போடுவதற்கென்று முன்கூட்டியே தயாரித்த மை அது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, சாம்பல் நிழல் போடும்போது கலைஞர் கருப்பு மையை நீர்க்க வைக்கிறார் என்றால், எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள். "ஸ்டெரைல் வாட்டர்" என்று அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட குப்பியாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் அதற்குச் சமமில்லை. அதில் உப்புகள் இல்லை என்பது உண்மை, கிருமி இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் தராது. இரண்டு, மையைப் பெரிய குப்பியிலிருந்து சின்ன மூடிக் கிண்ணங்களில் உங்கள் முன்பு ஊற்ற வேண்டும். ஊசி அந்தக் கிண்ணத்தில் தோயும், தோலுக்குப் போகும், திரும்ப வந்து தோயும். வேலை முடிந்தபின் கிண்ணத்தில் மிச்சமிருப்பதில் உங்கள் ரத்தம் கலந்திருக்கிறது. அது குப்பைக்குப் போக வேண்டும். விலை உயர்ந்த மை என்று மிச்சத்தைத் திரும்பக் குப்பியில் ஊற்றும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியில் பார்க்க வேண்டியது: ஒவ்வொன்றும் தனி உறையில், காலாவதித் தேதியோடு, உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். இப்போது பலர் பயன்படுத்துவது கார்ட்ரிட்ஜ் ஊசி. அதனுள் மெல்லிய சவ்வு ஒன்று இருந்தால் மையும் ரத்தமும் பின்னோக்கி இயந்திரத்துக்குள் போகாது. சவ்வு இல்லாத மலிவு வகையில் அது கைப்பிடிக்குள் ஏறி, அடுத்த ஊசி மாட்டும்போது இறங்கும். "சவ்வு உள்ளதா?" என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் சந்தோஷமாக விளக்குவார். இயந்திரம், அதன் வயர், ஸ்பிரே பாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையாலேயே அவர் செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அப்படியே வேலையைத் தொடர்ந்தால், அந்தக் கையுறை உங்களைப் பாதுகாக்கவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். டாட்டூ போடும் முன் அந்த இடத்தில் முடியை மழிப்பார்கள். ஊசியெல்லாம் உறையோடு வந்திருக்க, மழிக்கும் ரேசர் மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வரும். அதுவும் ஒருமுறைதான், உங்களுக்கு மட்டும்தான்.

காது குத்தல்: மடல் வேறு, மேல்காது வேறு

காதின் கீழே தொங்கும் மடல் என்பது சதையும் கொழுப்பும், ரத்த ஓட்டம் நன்றாக உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக் குழாய்கள் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம் போகிறது. அங்கே சீழ் கட்டினால் உறை குருத்தெலும்பை விட்டுப் பிரிந்துவிடும். ஊட்டம் நின்றால் குருத்தெலும்பு செத்துப்போகும், காதின் வடிவம் மடங்கிச் சுருங்கிவிடும். அதைப் பழையபடி ஆக்குவது மிகவும் கடினம். நன்றாகப் போனாலும்கூட மேல்காது ஆற நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

குத்தும் துப்பாக்கி பரவலாக இருக்கிறது. அது கூர்மையான ஊசி கொண்டு துளைப்பதில்லை, தோட்டின் மழுங்கிய முனையையே ஸ்பிரிங் விசையில் அடித்து உள்ளே ஏற்றுகிறது. மடல் அதைத் தாங்கிவிடும், குருத்தெலும்பு நசுங்கும், விரிசல் விடும். துப்பாக்கியின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால், நீராவியில் கருவிகளின் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. காதைத் தொடும் பகுதி முழுவதும் ஒருமுறை மட்டும் பயன்படும் கார்ட்ரிட்ஜாக இருந்தால், மடலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளலாம். மேல்காதுக்குத் துப்பாக்கியே வேண்டாம், உறையிலிருந்து பிரித்த உள்துளை ஊசிதான்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிறிய நகைக் கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்தது. 7 பேருக்கு உறுதியானது, அவர்கள் எல்லோரும் 10 முதல் 19 வயதுக்காரர்கள். சிலருக்கு மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது, காதின் வடிவமும் கெட்டது. கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கிருமிநாசினி பாட்டிலிலேயே இருந்தது, அருகிலிருந்த கைகழுவும் தொட்டியிலும் இருந்தது. சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி, சில கிருமிநாசினிகளிலேயே பிழைத்துக்கொள்ளும். ஒரே பாட்டிலை மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாகிவிடும். காதைத் துடைக்க, தனித்தனி உறையில் வரும் ஸ்பிரிட் துணியைக் கேளுங்கள். குத்தும் இடத்தைக் குறிக்கும் பேனாவும் எத்தனை காதுகளைத் தொட்டது என்று பாருங்கள்.

இடுக்கி, தோடு போன்ற, ஒருமுறையோடு எறியாத எதுவும் ஆட்டோகிளேவில் போய் வந்திருக்க வேண்டும். அது பிரஷர் குக்கரின் தத்துவம்தான்: அழுத்தத்தில் உள்ள நீராவி 121 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம். கருவிகள் அடைத்து வரும் பையில் நிறம் மாறும் பட்டை ஒன்று இருக்கும். மாறியிருந்தால் அந்தப் பை சூட்டுக்குள் போய் வந்தது என்று பொருள், கிருமி முழுக்கச் செத்தது என்பதற்கு அது சான்று ஆகாது. அதற்கு ஸ்போர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. மிகக் கடினமான பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்து, அவையும் செத்தனவா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். "கடைசி ஸ்போர் சோதனை எப்போது?" என்ற ஒரு கேள்விக்குத் தேதியோடு தாளைக் காட்டும் இடத்தில் மற்றதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

குத்தியபின் தினம் இரண்டு முறை, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீரால் கழுவினால் போதும். தோட்டைத் திருகிச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மேல்காது சிவந்து, சூடாகி, மடக்கினால் உயிர் போகும் வலி இருக்க, மடல் மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்பு உறையில் தொற்று என்பதற்கான அடையாளம். அன்றே மருத்துவரிடம் போங்கள். எப்போது குத்தியது, மேல்காதில் குத்தியது என்று சொல்லுங்கள். சீழ் இருந்தால், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஓரிகனில் பலருக்கு முதலில் கொடுக்கப்பட்டவை சூடோமோனாஸுக்கு வேலை செய்யாத மாத்திரைகள்.

வெட்டுப்பட்டுவிட்டது, சந்தேகமாக இருக்கிறது: என்ன செய்வது?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 28, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதாக நினைவில்லை. திங்கள் காலை சவரத்தில் தாடையில் வெட்டுப்பட்டது. பிளேடு புதுசு, ஆனால் முந்தைய வாடிக்கையாளருக்குத் தேய்த்த படிகாரக் கட்டியை அப்படியே அவருக்கும் தேய்த்துவிட்டார்கள்.

அங்கேயே செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது. காயத்தைப் பிதுக்கக் கூடாது, பிளீச்சோ வேறு காரமான திரவமோ ஊற்றக் கூடாது. அவை தோலைப் புண்ணாக்கிக் காயத்தைப் பெரிதாக்கும்.

அன்றைக்கே, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் தடுப்பூசியைக் கிருமி பட்ட பிறகு போட்டாலும் பலன் உண்டு, சீக்கிரம் போடுவதுதான் முக்கியம். ஆபத்து அதிகம் என்று தோன்றினால் மருத்துவர், தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார். அன்று எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே தொற்று இருந்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். திங்கள் பட்டதைச் செவ்வாய்க்கிழமைச் சோதனை காட்டாது. "நெகட்டிவ்" என்று நிம்மதியாகி அடுத்த தவணையை விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உள்ளது போன்ற சலூன் வெட்டுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு என்பதால் மருத்துவர் பொதுவாக அதைத் தரமாட்டார். வேறொருவருக்குப் போட்ட ஊசியாலேயே உங்களுக்கும் டாட்டூ போட்டுவிட்டார்கள் என்றால் கதை வேறு, நேரம் கடத்தாமல் கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, பட்டபின் தடுக்கும் மருந்தும் இல்லை. ஆனால் தொற்று வந்தது தெரிந்தால் இரண்டு, மூன்று மாத மாத்திரைகளில் பெரும்பாலானோருக்கு முழுமையாகக் குணமாகிறது. அதனால் இங்கே பரிசோதனையை விடாமல் செய்வதுதான் பாதுகாப்பு.

அவருடைய நாட்காட்டி இப்படி இருக்கும். திங்களன்று அல்லது செவ்வாயன்று முதல் தடுப்பூசி, முதல் ரத்தப் பரிசோதனை. ஒரு மாதத்தில் இரண்டாவது தடுப்பூசி. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஹெபடைடிஸ் சி வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனை, நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன் எதிர்ப்புப் பொருளுக்கான கடைசிச் சோதனை. ஆறாவது மாதம் மூன்றாவது தடுப்பூசி, அத்துடன் ஹெபடைடிஸ் பி-க்கு மறுபரிசோதனை. தடுப்பூசி போட்ட சில நாட்களிலேயே ஹெபடைடிஸ் பி சோதனை எடுத்தால், ஊசியில் உள்ள புரதமே தவறான பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால் ரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. இடையில் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாத களைப்பு, பசியின்மை என்று ஏதாவது வந்தால் நாட்காட்டிக்குக் காத்திருக்காமல் போய்விட வேண்டும். இந்த ஆறு மாதமும் ரத்த தானம் செய்யக் கூடாது, வீட்டில் ரேசரையும் பல் துலக்கும் பிரஷையும் யாரோடும் பகிர்ந்துகொள்ளவும் கூடாது.

டாட்டூவாக இருந்தால் கூடுதலாக ஒரு கவனிப்பு. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பும் எரிச்சலும் இயல்பு, பிறகு தோல் உரியத் தொடங்கும். ஆறிக்கொண்டு வந்த இடத்தில் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் புதிதாகத் தடிப்பும் பரு போன்ற முடிச்சுகளும் கிளம்பினால், அதிலும் சாம்பல் நிழல் போட்ட பகுதியில் மட்டும் கிளம்பினால், அதை ஒவ்வாமை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, டாட்டூ போட்ட தேதியையும் எந்த நிறத்தில் பிரச்சினை என்பதையும் சொல்லுங்கள். மையின் பெயரும் குப்பியில் அச்சிட்ட தொகுப்பு எண்ணும் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. டாட்டூ போட்டுக்கொள்ளும் அன்றே அந்தக் குப்பிகளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.